பார்த்த துணி, கேட்ட துணி

செய்தி வந்தபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கும் மேரி அக்காதான் போன் செய்தார். "ஜெயராணி, நம்ம சுப்பையா மொதலாளி போயிட்டாருடி. விடியக்காலையில நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றார். நான் "ம்" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். அதற்கும் "ம்" என்றேன். போனை வைத்துவிட்டு மற்றக் கையையும் ஏற்றி முடித்தேன். தையல் கோணாமல் நேராகத்தான் வந்திருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

ஹட்டன், பொகவந்தலாவை, பூண்டுலோயா பக்கம் தையல் வேலை செய்கிறவர்களுக்குச் சுப்பையா முதலாளியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹட்டன் பஸாரில் மொத்தத் துணிக்கடை வைத்திருந்தவர். லைனிங், பொப்ளின், பாவாடைத் துணி என்று ரோல் ரோலாக எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்குக் கொடுப்பார். காது கொஞ்சம் மந்தம். போனில் பேசினால் எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதிதான் விளங்கும். விளங்காத பாதிக்கும் "சரி, சரி" என்றுவிடுவார். அதனால் பல தடவை பச்சை கேட்ட இடத்துக்கு மஞ்சள் போயிருக்கிறது. அதன் பிறகு, "வாயால சொன்னா எனக்குப் பாதிதான் வரும். எழுதி பஸ்ஸுல குடுத்தனுப்புங்க, முழுசா வரும்" என்பார். நாங்களும் துண்டுக் கடிதம் எழுதி ஹட்டன் பஸ் கொண்டக்டரிடம் கொடுப்போம். பின்னேர பஸ்ஸில் துணியும் பதிலும் வந்து சேரும்.

எங்கள் ஊரில் தைப்பதில் ஒரு தொல்லை உண்டு. பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் உடுத்துகிறவள் முதல் தடவை துவைக்கும்போது அது சுருங்கும். மேல் துணி பொலியெஸ்டர் என்றால் அது சுருங்காது. உள்ளே இழுக்கும், வெளியே தொளதொளவென்று தொங்கும். நனைப்பது பெரிய வித்தை இல்லை. காயவைப்பதுதான் வித்தை. ஆனி, ஆடி மாதங்களில் பொகவந்தலாவையில் ஒரு கைக்குட்டை காய்வதற்கே அடுப்பங்கரையில் இடம் பிடிக்க வேண்டும். ஒரு ரோல் லைனிங்கை எங்கே விரிப்பது?

அதற்கு வழி கண்டுபிடித்தவர் முதலாளிதான். இங்கே மழை கொட்டும் மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் வெயில் அடிக்கும். அவர் ரோல்களை ரயிலில் அங்கே அனுப்பிவிடுவார். அங்கே ஒரு லோண்டரிக்காரர் நனைத்து, கொடியில் காயப் போட்டு, மறுபடி சுற்றித் திருப்பி அனுப்புவார். கடையில் அதை "நனைச்சது" என்று தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். விலை கொஞ்சம் கூட. நாங்கள் வாய் திறக்காமல் கொடுத்தோம். மழைக்காலத்தில் வெயிலை விலைக்கு வாங்குகிறோம் என்று மேரி அக்கா சொல்வார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது அந்த "நனைச்சது" என்ற சொல்லில்தான். எங்கள் சண்டையை ஹட்டன் பஸாரில் நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்பதைத்தான் பலர் தப்பாகச் சொல்லித் திரிகிறார்கள். அவர் போன பிறகாவது சரியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அப்போது நான் கடை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். பின்னேரங்களில் தைத்துத் தைத்துக் கொஞ்சம் பேர் வாங்கி, துணிந்து தோட்டத்து வேலைப் பதிவில் என் பேரை வெட்டிவிட்டு, பொகவந்தலாவை பஸாரில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்தேன். ஒரு மெஷின், ஒரு கத்தரி, "ஜெயராணி தைச்சா கணக்கா இருக்கும்" என்ற ஒரு வாக்கு. இவ்வளவுதான் என் முதல். அந்த வாக்கு போனால் மறுபடி விடியக் காலையில், தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, கங்காணியிடம் பேர் கொடுக்க வேண்டியதுதான். என் மாமியார் அந்த நாளுக்காகவே காத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆடியில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் ரவிக்கை போடுவதென்று முடிவு செய்தார்கள். சங்கத் தலைவி பாக்கியம் அக்கா. குரலால் ஒரு மலையையே கூட்டிவிடக்கூடியவர். அவர் வந்து, "இந்தா பாரு, எல்லாத்தையும் ஒங்கிட்டதான் குடுக்குறோம். எங்க மானத்தையும் சேத்துத் தை" என்றார். மஞ்சள் பொலியெஸ்டர் அவர்களே வாங்கி வந்தார்கள். லைனிங் என் பொறுப்பு. நான் முதலாளிக்கு எழுதினேன்: நனைச்ச லைனிங் ஒரு முழு ரோல் வேண்டும். துணி அடுத்த நாளே வந்தது. கூடவே அவருடைய கையெழுத்தில், "தங்கச்சிக்கு, நனைத்த துணி. தைரியமாக வெட்டவும்."

நான் தைரியமாக வெட்டவில்லை. சோதித்துவிட்டுத்தான் வெட்டினேன். ரோலின் நுனியில் ஒரு சாண் சதுரம் வெட்டி, அதைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். பிறகு துண்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அயர்ன் போட்டுக் காயவைத்து, மறுபடி கோட்டின் மேல் வைத்தேன். நூல் பிசகாமல் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் கத்தரியை எடுத்தேன். அளவு கொடுத்த வரிசைப்படி ஒவ்வொருவருக்காக வெட்டிக்கொண்டே போனேன். ரோல் குறையக் குறைய ரவிக்கைகள் கூடின.

திருவிழாவின் தொடக்கமாகக் கரகம் பாலிக்கும் நாளில் எல்லோரும் அதை உடுத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பனிக்குள்ளே அந்த மஞ்சள் மட்டும் தெரிந்தது. பாக்கியம் அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் தலை ஆட்டுவது லேசில் நடக்காது. கடைசி நாள் தேருக்கும் அதையே உடுத்த வேண்டும் என்பதால், வீட்டுக்குப் போய் எல்லோரும் துவைத்துப் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து முதல் ரவிக்கை திரும்பி வந்தது. கக்கம் இழுக்கிறது, கொக்கி மாட்ட முடியவில்லை. அன்று பின்னேரத்துக்குள் கடை வாசலில் கூட்டம். மார்புப் பிடிப்பின் முனையெல்லாம் சுருங்கி, முதுகில் மேல் துணி பை மாதிரித் தொங்கியது. என்னை நிமிரவிடாமல் அடித்தது இன்னொரு விஷயம். பாக்கியம் அக்காவின் ரவிக்கையும் அவரோடு முதலில் அளவு கொடுத்த பெண்களுடையதும் அப்படியே கச்சிதமாக இருந்தன. பிந்தி வந்தவர்களுடையதுதான் சுருங்கியிருந்தது.

"ஒரே துணிதானே எல்லாத்துக்கும்? துணி கெட்டதுன்னா எல்லாமே கெட்டிருக்கணும்ல?" என்றாள் ஒருத்தி.

"தலைவிக்கு ஒரு தையல், எங்களுக்கு ஒரு தையலா?" என்றாள் இன்னொருத்தி.

பாக்கியம் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "தேருக்குள்ள சரியாக்கிக் குடுத்துரு. இல்லாட்டி நான் உனக்காகப் பேச முடியாது" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். கடையில் வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்தார்கள். ஒரு ரவிக்கையை முதலாளியின் மேசையில் போட்டேன். அவர் அதைத் திருப்பி, மடிப்பைப் பிரித்து, லைனிங்கைத் தடவிப் பார்த்தார்.

"துணி நனைச்சதுதான் தங்கச்சி. வெட்டுன துணிக்கு வழக்கு இல்ல. இது கடை வழக்கம், ஒங்களுக்கும் தெரியும்."

"சுருங்கியிருக்கே, கண்ணு தெரியலையா?"

"எல்லாமே சுருங்கிச்சா?"

நான் பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் சுருங்கல" என்றேன்.

"அப்ப ஒரே ரோல்ல கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் சுருங்காம இருக்குமா? நூலை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருப்பீங்க" என்றார். அவர் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் கேட்டவர்களுக்குப் பட்டிருக்கும். எனக்கோ தலைக்குள் ஏதோ அறுந்தது. "நனைக்காத துணிய நனைச்சதுன்னு வித்துட்டு ஊசி மேல பழி போடுறீங்களா? ஏமாத்துக்காரன்" என்று கத்தினேன். அவருக்குக் காது மந்தமாயிற்றே என்று இன்னும் சத்தமாகவும் ஒருமுறை கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. "போயிட்டு எழுதி அனுப்புங்க" என்றார்.

அவர் மகன் கண்ணன் வாசல் வரைக்கும் வந்து, "அக்கா, படம் எடுத்து வாட்ஸ்அப்புல போடுங்க, நான் அப்பாகிட்டக் காட்டுறேன்" என்றான். போட்டேன். படத்தில் சுருக்கம் நன்றாகத் தெரிந்தது. காரணம் எந்தப் படத்திலும் தெரியவில்லை. கடைசியில் கடிதம்தான் எழுதினேன்.

கோபத்தில் எழுதிய முதல் இரண்டைக் கிழித்துப்போட்டேன். மூன்றாவதை மெஷின் பலகை மேலேயே வைத்து எழுதினேன். எனக்குச் சாதகமானது, பாதகமானது என்று பார்க்காமல் நடந்ததை எழுதினேன். நுனியில் சோதித்தேன், சுருங்கவில்லை. நடுவிலிருந்து எடுத்துச் சோதிக்கவில்லை. முதலில் வெட்டியவை நன்றாக இருக்கின்றன, பிந்தி வெட்டியவை சுருங்கின. தையல் எல்லாம் ஒரே நூல், ஒரே மெஷின். ரோல் முடிந்த இடத்தில், அட்டைக் குழாயை ஒட்டியிருந்த மிச்சத் துண்டை இப்போது சோதித்தேன்; நீளப்பக்கம் ஒரு விரல் அளவு கோட்டுக்குள்ளே போய்விட்டது. அந்தத் துண்டையும் கோடு போட்ட காகிதத்தையும் கூடவே வைத்தேன். நனைக்காத துணி கஞ்சியோடு விறைப்பாக இருக்கும், வெட்டும்போதே கைக்குத் தெரியும். எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் விறைப்பான துணி என்று ஒன்றே இல்லை, ஈரக் காற்றில் எல்லாம் தொய்ந்துதான் கிடக்கிறது என்றும் எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "நனைத்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

அன்று பின்னேர பஸ்ஸில் பதில் வரவில்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸிலும் வரவில்லை. பிறகு வந்த கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. "தங்கச்சிக்கு, நான் பார்க்கவில்லை. லோண்டரிக்காரர் சொல்லக் கேட்டதைத்தான் எழுதினேன். பண்டாரவளைக்குப் போகிறேன்."

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நாற்பது வருடம் பஸாரில் கடை வைத்திருந்த மனுஷன். வெட்டின துணிக்கு வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "பார்த்தேன்" என்று ஒரு சொல் எழுதியிருந்தாலும் எனக்கு அதைப் பொய்யென்று காட்ட வழி இல்லை.

பண்டாரவளையில் நடந்ததை அவரே பிறகு எழுதினார். லோண்டரிக்காரரின் தொட்டி சின்னது. கொடியும் போதாது. ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. அவர் ரோலைப் பாதி வரைக்கும் அவிழ்த்து, அந்தப் பாதியை ஒழுங்காக நனைத்து, ஒழுங்காகக் காயவைத்து, மிச்சம் அவிழாமல் இருந்த குழாயின் மேலேயே திருப்பிச் சுற்றிவிட்டார். வெளிப்பாதி நனைந்தது, உள்பாதி நனையாதது. நான் வெளியிலிருந்து வெட்டிக்கொண்டு போனேன். முந்தி வந்தவர்களுக்கு நல்ல துணி, பிந்தி வந்தவர்களுக்குக் கெட்ட துணி. சோதிக்கிறவர் எவரும் நுனியில்தான் சோதிப்பார் என்பதால் யார் கையிலும் அது சிக்கியிருக்காது.

முதலாளி லோண்டரிக்காரரைச் சத்தம் போட்டிருக்கிறார். அதற்கு அவர், "மொதலாளி, நனைக்கச் சொன்னீங்க, நனைச்சேன். கடைசி வரைக்கும் அவுக்கணும்னு நீங்க சொல்லலையே" என்றாராம். இதையும் முதலாளி மறைக்காமல் எழுதியிருந்தார். கீழே, "அவன் சொன்னது சரி. நான் சொல்லவில்லை" என்று ஒரு வரி.

அவர் அங்கே ஒரு இரவு தங்கி, வேறு ரோலைத் தன் கண் முன்னால் முழுவதும் அவிழ்க்கவைத்து, நனைத்து, அடுத்த நாள் வெயிலில் காயவைத்து, மடித்துக் கட்டிக் கொண்டுவந்தார். அது பஸ்ஸில் எனக்கு வந்தபோது துணிக்கட்டோடு சேர்த்து வெறும் அட்டைக் குழாய் ஒன்றும் கட்டியிருந்தது. எதற்கு இது என்று கொண்டக்டர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். கடைசிச் சுற்று வரைக்கும் அவிழ்த்தேன், குழாய் வேறு துணி வேறு ஆகும் வரைக்கும் நின்று பார்த்தேன் என்று அந்த மனுஷர் அத்தாட்சி அனுப்பியிருந்தார்.

ஆனால் துணி வந்தால் மட்டும் என் சங்கதி தீராது. என்னிடமிருந்து போனது பேர். அதைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "முதலாளி, துணிக்கு நன்றி. நட்டம் எனக்குப் பெரிதில்லை. தையலில் பிழை இல்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை அந்தப் பெண்களுக்கு எழுத முடியுமா? எழுதினால் உங்கள் கடைக்குத்தான் கெட்ட பேர். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். நான் உங்களைக் கடையில் ஏமாத்துக்காரன் என்றது பிழை. நீங்கள் ஏமாந்தவர். அதை நானும் எழுதித் தருகிறேன், எல்லோரும் பார்க்க ஒட்டிக்கொள்ளலாம்."

அடுத்த பஸ்ஸில் வந்தது அவருடைய கடிதம். கடைப் பெயர் அச்சடித்த தாளில், முத்திரையும் வைத்து. "மாதர் சங்கத்துச் சகோதரிகளுக்கு. உங்கள் ரவிக்கைகள் சுருங்கியதற்குத் தையல் காரணமில்லை. லைனிங் நான் விற்றது. நனைத்தது என்று எழுதி விற்றேன். நனைத்ததை நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான். பாதிதான் நனைந்திருந்தது. தையற்காரப் பெண் சோதித்துத்தான் வெட்டினார். பிழை என்னுடையது."

அதைப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தேன். அவர் அன்று மாலையே தோட்டத்து லயக் குடியிருப்பு வாசலில் நின்று, மலைக்கே கேட்கும்படி படித்தார். படித்து முடித்ததும் முதலில் சத்தம் போட்டவளே, "அப்ப நாளைக்கு யாரு யாரு பிரிக்கப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் கடைக்கு வந்தார்கள். நிற்க இடம் இல்லை. வாசல் படியிலும் பக்கத்துத் தேங்காய்க் கடையின் பெட்டிகள் மேலும் உட்கார்ந்து ஆளாளுக்குத் தங்கள் ரவிக்கையைப் பிரித்தார்கள். பிரித்த லைனிங்கை அளவுக்கு வைக்கக் கூடாது, அதுவே சுருங்கியது. மேல் துணியை வைத்துத்தான் வெட்ட வேண்டும். நான் வெட்ட வெட்ட ஒருத்தி இணைத்துக் கொடுத்தாள், ஒருத்தி கொக்கி தைத்தாள். விரலில் ஊசி குத்திக்கொண்டவள் கத்தும்போதெல்லாம் மற்றவர்கள், "ஊசி குத்துனத நீ பாத்தியா, கேட்டியா?" என்று சிரித்தார்கள். தேர் அன்று எல்லா ரவிக்கைகளும் உடம்பில் உட்கார்ந்தன. என் பேரும் திரும்பி வந்தது. சொல்லப்போனால் முன்பைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. நான் தைப்பதற்கு முன் சோதிக்கிறவள் என்று முத்திரை குத்தி ஒரு முதலாளி எழுதியிருந்தாரே.

முதலாளி, சொன்னபடி நான் எழுதிக் கொடுத்த மன்னிப்பைக் கடையில் ஒட்டவில்லை. வேறொன்று செய்தார். அந்த ஆடியிலிருந்து அவர் கடையில் நனைத்த ரோல் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்னச் சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்தார். சீட்டில் ஒரே சொல். அவரே பண்டாரவளைக்குப் போய் நின்று நனைத்ததாக இருந்தால் "பார்த்தது". ஆள் அனுப்பி நனைத்ததாக இருந்தால் "கேட்டது". கேட்டதற்கு விலை குறைவு. நீங்கள் பலரும் அந்தச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஹட்டன் பஸாரில் மீன்காரரிடம் போய், "மொதலாளி, இது இன்னைக்கு வந்த மீன்னு பாத்ததா, கேட்டதா?" என்று பெண்கள் கேலி பேசும் அளவுக்கு அது பரவியது. எங்கிருந்து வந்த சொல் என்று தெரியாமலேயே பேசினார்கள். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சீட்டால் அவருக்கு வியாபாரம் குறைந்தது என்று கண்ணன் ஒருமுறை குறைப்பட்டான். "அப்பா, எல்லாத்தையும் பாத்ததுன்னே குத்துங்களேன், யாரு வந்து பாக்கப் போறா?" என்று கேட்டானாம். அவர் அதற்கு, "யாரும் பாக்க மாட்டாங்கன்னுதானே போன தடவையும் மாட்டுனோம்" என்றாராம். இது கண்ணன் சொன்னது. நான் கேட்டதுதான்.

போன வருடம் முழுவதும் எனக்கு வந்த ரோல்களில் "கேட்டது" என்றே இருந்தது. அவரால் ரயில் ஏற முடியவில்லை என்பது அதிலிருந்துதான் எனக்கு விளங்கியது. உடம்புக்கு என்ன என்று கடிதத்தில் கேட்டேன். "ஒன்றுமில்லை. நடுவிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதித்துக்கொள்ளவும்" என்று பதில் வந்தது. எழுத்துகள் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் போய்வந்தன. போய்ப் பார்த்திருக்கலாம். பொங்கலுக்குத் தைக்க இருக்கிறது, தைப்பூசத்துக்குத் தைக்க இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இறுதிச் சடங்குக்குக் கிளம்பினேன். நோர்வூட் தாண்டியதும் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மண்ணை அள்ளும்வரை உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா ஒரு துண்டுப் பலாப்பழம் கொடுத்தார், தின்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஈரத்தில் நின்றேன். சுடலையிலிருந்து திரும்பி வந்த கண்ணன் என்னைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அப்பாவக் கடைசியா ஒருக்காப் பாக்காமப் போயிட்டீங்களே" என்றான்.

"இல்ல தம்பி, பாக்கல" என்றேன். "மேரி அக்கா சொல்லிக் கேட்டதுதான்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அத்தனை பேருக்கு முன்னால், வளர்ந்த ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கணக்கு ஒன்றுதான்: நான் அறிந்ததில் எது பார்த்தது, எது கேட்டது என்று பிரித்து வைப்பது. சுப்பையா முதலாளி தன் பிழையைத் தன் கையால் எழுதி முத்திரை குத்தியது பார்த்தது. அதனால் நான் மறுபடி பெரட்டுக்களத்தில் போய் நிற்காமல் இன்று வரைக்கும் தைத்துக்கொண்டிருப்பது பார்த்தது. அவர் இல்லை என்பது இன்னும் கேட்டது. லைனிங் தீரப்போகிறது. ஒரு ரோல் வேண்டுமென்று கடிதம் எழுதி பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும். மேலே யார் பெயரைப் போடுவது என்று தெரியாமல் தாளை மெஷின் பலகை மேல் வைத்திருக்கிறேன்.